நூறு கிராமுக்கு எவ்வளவு

அண்ணிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நாளில்தான் அந்தப் பெயர் முதன்முதலாக அவள் காதில் விழுந்தது. பேச வந்தவள் அண்ணியின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அவளுடைய கொழுந்தனாருக்குத்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் தூரத்துச் சொந்தம். தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னாள்:

"பையன் பேக்கரியில வேலை. கை சுத்தம். மாமியார் வாயில்லாப் பூச்சி. மாமனாருக்குப் பழைய பேப்பர் கடை. ஆனா அந்த வீட்டுல தராசு இருக்கு. அதை மட்டும் பாத்து நடந்துக்கோ."

பழைய பேப்பர் கடைக்காரர் வீட்டில் தராசு இல்லாமல் வேறு என்ன இருக்கும் என்று அண்ணி மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். கல்யாணம் முடிந்து அந்த வீட்டுப் படியேறிய பிறகுதான் தராசு என்பது பதினெட்டு வயது நாத்தனார் என்று தெரிந்தது. ஒல்லியான பெண். புதுப்பெண்ணின் கையிலிருந்த பையை வாங்கினாள், ஒரு முறை தூக்கிப் பார்த்தாள், "நாலரைக் கிலோ இருக்கும் அண்ணி, இவ்வளவு தூரம் நீங்களே தூக்கிட்டு வந்தீங்களா?" என்றாள். அப்போதே இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை அண்ணி அவளை நேரிலேயே தராசு என்றுதான் கூப்பிடுகிறாள். அவளும் "என்ன அண்ணி" என்று திரும்புவாள்.

அப்பாவின் கடையில் பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் வளர்ந்தவள். எதைக் கையில் வாங்கினாலும் எடை சொல்லிவிடுவாள். அண்ணிக்கு மூத்தவன் பிறந்தபோது, ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த எடை சரியில்லை என்று நர்சோடு சண்டைக்குப் போனவள். மறுபடி நிறுத்துப் பார்த்தபோது நாற்பது கிராம் வித்தியாசம் இருந்தது. அந்த நர்சு அதற்குப் பிறகு அந்த வார்டு பக்கமே வரவில்லை என்று அண்ணி எல்லோரிடமும் சொல்வாள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான்.

அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. மூன்று வருஷம். இரண்டு வீடும் உட்கார்ந்து பேசி, சத்தமில்லாமல் பிரித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பார்சல் அலுவலகத்தில் எடை போடும் கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினோரு வருஷம். அங்கே ஒரு பெட்டி வந்தால், உள்ளே தலையணை இருக்கிறதா இரும்பு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அட்டை, கயிறு, ஒட்டும் நாடா, உள்ளே திணித்த பேப்பர் எல்லாம் சேர்த்து மேடையில் என்ன காட்டுகிறதோ அதுதான் எடை. பதினோரு வருஷம் அதையே ஒரு நாளைக்கு இருநூறு தடவை செய்தால் கை வேறு விதமாக யோசிக்காது. பின்னால் வந்த வம்புக்கு விதை இங்கேதான் விழுந்தது.

அலுவலகத்தை மூடினார்கள். அதே வருஷம் அண்ணன் வேலை பார்த்த பேக்கரியும் கை மாறி, புது முதலாளி தன் ஆட்களைக் கொண்டுவந்துவிட்டார். அண்ணன் என்றால் அண்ணியின் வீட்டுக்காரர். வறுப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வாசனை வருவதற்குள் இறக்கிவிடுவார். "வாசனை வந்தாச்சுன்னா லேட்டு" என்பார். அப்படித்தான் மூன்று பேரும் சேர்ந்து கடலை வெண்ணெய் செய்ய ஆரம்பித்தார்கள். வறுத்த நிலக்கடலையைத் தோல் நீக்கி, உப்புப் போட்டு அரைத்துக் கண்ணாடி ஜாடியில் அடைப்பது, அவ்வளவுதான். ஒன்று வழுவழுப்பு, ஒன்று கொறகொறப்பு. நானூறு கிராம் ஜாடி ஒன்று, எண்ணூறு கிராம் ஜாடி ஒன்று.

வறுப்பதும் அரைப்பதும் அண்ணன். ஜாடியில் நிரப்பி, எடை பார்த்து, பெட்டி கட்டி, இணையச் சந்தையில் பக்கம் போடுவது தராசு. அண்ணி லேபிள் ஒட்டுவாள். வாங்குபவர்கள் அனுப்பும் மெசேஜ்களுக்குப் பதில் சொல்வாள். அவள் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, ஆனால் பேச்சில் அவளை யாரும் மடக்க முடியாது. ஜாடி உடைந்து வந்ததென்று எரிந்து விழுந்தவரிடமே அவருடைய பெண்ணுக்கு எத்தனை மாசம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள்.

வேலை நடந்தது ஒரு மூடிய சலவைக்கடையின் பின்னறையில். தரை முழுக்க வெள்ளை ஓடு. ஒரு மூலையை நோக்கிச் சரிவு, அங்கே வடிகால். அரைக்கும் இயந்திரத்தைக் கழுவித் தள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சுவரில் பழைய நீராவிக் குழாய்கள் அப்படியே இருந்தன. அண்ணன் அதில் ஏப்ரனைத் தொங்கவிடுவார். இடத்துக்குச் சொந்தக்காரர் அந்தச் சலவைக்கடைக்காரர்தான். வாடகை ஒப்பந்தம் முடிய ஏழு வாரம் இருக்கும்போது வந்தார்.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறீங்களா? இல்லன்னா சைக்கிள் ரிப்பேர்க்காரர் ஒருத்தர் கேக்கறார். அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க."

அறை போனால் தொழில் போனது. வீட்டு அடுக்களையில் அந்த இயந்திரத்தை ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருக்க மாட்டான். ஆனால் கையெழுத்துப் போடவும் பயம். கடலை மூட்டை விலை ஏறியிருந்தது. ஜாடி தருபவன் வேறு கண்ணாடி விலையைக் கூட்டியிருந்தான். சின்ன ஜாடியை முந்நூற்றிருபதுக்கு விற்று, போன வருஷம் ஐம்பது நின்றது. இப்போது பத்து நின்றாலே பெரிய விஷயம். அப்படியே ஓட்டினால் வாடகைக்குக் காணாது. விலையைக் கூட்டினால் வாங்குபவர்கள் ஓடிவிட்டால் அதுவும் வாடகைக்குக் காணாது. தராசு ஒரு அட்டைத் துண்டில் எழுதிப் பார்த்தாள். வழுவழுப்புக்கு ஒரு பக்கம், கொறகொறப்புக்கு ஒரு பக்கம், இரண்டிலும் இரண்டு அளவு ஜாடியும் உண்டு; ஒவ்வொரு பக்கத்தையும் வாரத்துக்கு ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். அதில் நாற்பது பேர் வாங்குகிறார்கள். விலை கூடிய பிறகு முப்பதுக்குக் கீழே போனால் சலவைக்கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். சின்னது முந்நூற்றறுபது, பெரியது அறுநூறிலிருந்து அறுநூற்றெண்பது என்று முடிவு செய்தாள்.

விலையை மாற்றுவதாக இருந்த திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளி, அண்ணியின் கைபேசிக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஒரு மாணவர் விடுதியின் சமையல்காரர். ஆறு ஜாடி வாங்கியவர்.

"உங்கள் பக்கத்தில் நூறு கிராமுக்கு ஐம்பது என்று போட்டிருக்கிறது. நானூறு கிராம் முந்நூற்றிருபது என்றால் நூறு கிராமுக்கு எண்பது வரவில்லையா? எனக்குக் கணக்கு மறந்துவிட்டதா, உங்களுக்கா?"

அண்ணி இரண்டு முறை படித்தாள். பக்கத்தைத் திறந்தாள். விலைக்குக் கீழே, கடுகு அளவு சாம்பல் எழுத்தில், நூறு கிராமுக்கு ஐம்பது என்று இருந்தது. பதினான்கு மாதமாக இருந்திருக்கிறது. யாரும் உன்னிப்பாகப் பார்க்கவில்லை.

"தராசு, இங்க வா. இந்த அம்பது எங்கேருந்து வந்துச்சு?"

அந்த எண்ணை இவர்கள் எழுதுவதில்லை. பக்கம் போடும்போது சந்தைக்காரர்கள் ஒரு கட்டத்தில் பொருளின் அளவைக் கேட்பார்கள்; விலையை அதால் வகுத்து அவர்களே காட்டிக்கொள்வார்கள். தராசு அந்தக் கட்டத்தைத் திறந்தாள். 640 என்று இருந்தது. பெரிய ஜாடிக்கு 1200.

ஒரு சின்ன ஜாடியை எடுத்து மேடையில் வைத்தாள். அறுநூற்று நாற்பது காட்டியது. நானூறு கடலை, மீதி இருநூற்று நாற்பது கண்ணாடியும் மூடியும்.

"ஜாடியோட போட்டுட்டேன் அண்ணி."

"தலைப்புல நானூறுன்னுதானே எழுதியிருக்க?"

"அது லேபிள் பாத்து எழுதினது. இது எடைன்னு கேட்டான். எடைன்னதும் தூக்கி மேடையில வெச்சேன்."

அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். கேட்டார். முதலில் சிரித்தார். "ஊர் எடையெல்லாம் போட்டவ, சொந்தச் சரக்குல கண்ணாடியையும் சேத்து ஊட்டியிருக்கா" என்றார். தராசு சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? ஜாடிக்குள்ள நானூறு சரியாத்தானே இருக்கு. யாரையும் ஏமாத்தலையே. அதை அப்படியே விடு. விலையை ஏத்தினா அம்பது அம்பத்தாறுன்னு காட்டும். யாருக்கும் உறைக்காது. சரியா மாத்தினா என்ன காட்டும்?"

"தொண்ணூறு."

"அம்பதுலேருந்து தொண்ணூறு! நாம ஏத்தறது நாப்பது. பாக்கறவனுக்கு விலை ரெண்டு மடங்கு ஆன மாதிரி தெரியும். உனக்கு அறை வேணுமா வேண்டாமா?"

"ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டார் அண்ணா. இன்னொருத்தர் சந்தைக்காரன்கிட்டயே சொல்லிட்டா பக்கத்தையே தூக்கிடுவான். அது போகட்டும். தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி வெச்சிருக்கறது?"

அண்ணன் வேறு வழி யோசித்தார். "சரி, விலையை ஏத்தாதே. ஜாடியில முந்நூத்தம்பது போடு. அதே முந்நூத்திருபது. ஊர்ல எல்லாரும் அதைத்தான் செய்யறான். பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாரு, பாதி காத்து."

தராசு அட்டையில் வகுத்தாள். "அப்ப நூறு கிராமுக்குத் தொண்ணூத்தொண்ணுன்னு காட்டும். விலையை ஏத்தினாவே தொண்ணூறுதான். கொறைச்சும் குடுத்து, காஸ்ட்லின்னும் பேர் வாங்கணுமா?"

அண்ணன் ஏப்ரனைக் குழாயில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். கோபம் வந்தால் அவர் நடப்பார். அது அவருடைய அப்பா வழி. அவர்கள் வம்சத்தில் எல்லோருக்கும் கோபம் காலில்தான் இருக்கும்.

அன்றே தராசு எல்லாக் கட்டத்தையும் திருத்தினாள். சமையல்காரருக்கு அண்ணி பதில் எழுதினாள்: "கணக்கு எங்களுக்குத்தான் மறந்தது ஐயா. ஜாடியையும் சேர்த்து நிறுத்துவிட்டோம். திறக்காத ஜாடியை அனுப்பினால் பணத்தைத் திருப்பித் தருகிறோம்." அவர் நாலு ஜாடியைத் திருப்பி அனுப்பினார். பணம் போனது. அதற்குப் பிறகு அவர் எதுவும் வாங்கவில்லை.

திங்கட்கிழமை புது விலை வந்தது. கூடவே தராசு ஒரு கடிதமும் எழுதியிருந்தாள். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதியது. பக்கத்தின் உச்சியில், படத்துக்கு அடுத்தபடி, கடலையைப் பற்றி ஒரு வார்த்தை வருவதற்கு முன்னால் அதைப் போட்டாள். "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, கனத்த மனதோடு இதைத் தெரிவிக்கிறோம்" என்று ஆரம்பித்து, மழை பொய்த்தது, கண்ணாடி, டீசல், மூன்று பேர் உழைப்பு, தவறான எடை, மன்னிப்பு என்று இருபத்தெட்டு வரி போனது. முந்நூற்றிருபது முந்நூற்றறுபது ஆனது, அறுநூறு அறுநூற்றெண்பது ஆனது என்று தடித்த எழுத்தில் வேறு.

அண்ணி படித்துவிட்டு, "சாவு நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றாள். "கடைசியில எந்த நேரத்துக்கு எடுக்கறாங்கன்னு மட்டும் போடல."

"உண்மையைச் சொல்லணும் அண்ணி."

"சொல்லு, வேணாங்கல. வாசல்லயே படுத்துகிட்டுச் சொல்லணுமா?"

தராசு கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எப்போதும்போல ஆயிரத்தைத் தொட்டிருந்தார்கள். கொறகொறப்பில் வாங்கியவர்கள் பத்தொன்பது. வழுவழுப்பில் இருபத்தொன்று. பாதி.

அண்ணன் வறுத்த கடலையை ஆறவைக்கும் தட்டுகளைத் தேவைக்கு மேல் இரண்டு தடவை துடைத்தார். செவ்வாய்க்கிழமை சலவைக்கடைக்காரர் அந்த சைக்கிள் ரிப்பேர்க்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் அளவு நாடாவை எடுத்துச் சுவருக்குச் சுவர் பிடித்தார். "இந்தக் குழாய எல்லாம் கழட்டிடலாம் இல்ல?" என்று கேட்டார். தராசு அந்தப் பக்கம் திரும்பாமல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஒரே பெட்டிக்கு மூன்று சுற்று நாடா ஒட்டியிருந்தாள்.

அண்ணிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு கதவு ஓரமாக உட்கார்ந்தாள். அந்த ஒன்பது நாளில் வந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கல்யாண வீட்டில் மொய் எழுதினவர்களை இன்னார் இன்னார் வழி என்று பிரிப்பதுபோல, இவர்களையும் அவளால் பிரிக்க முடிந்தது. முன்னால் வாங்கியவர்கள் கேட்டது ஒன்றுதான்: ஜாடி அதே ஜாடிதானா, அளவு அதேதானா? ஆமாம் என்றதும் போய்விட்டார்கள். பாதிப் பேர் வாங்கவும் செய்தார்கள். ஒரு தடவைகூட வாங்காதவர்கள் கேட்டது வேறு. "போன வாரம் முந்நூற்றிருபதா? நான் இப்போதுதான் பார்க்கிறேன், எனக்கு மட்டும் ஏன் கூட?" "விலை மறுபடி இறங்குமா?" "அடுத்த மாதம் பார்க்கட்டுமா?" இப்படிப் பதினேழு பேர். ஒருவரும் வாங்கவில்லை.

"தராசு. நாடாவை வெச்சிட்டு இதைக் கேளு. இந்தப் பொம்பளை நம்மளை முன்னப்பின்ன பாத்ததில்ல. முந்நூத்திருபதுன்னு ஒண்ணு இருந்ததே இவளுக்குத் தெரியாது. நாமளே கூப்பிட்டு வெச்சு, அம்மா நேத்து வந்திருந்தா கம்மின்னு சொல்லியிருக்கோம். அவ என்ன செய்வா? எறங்கட்டும்னு காத்திருப்பா."

தராசு நாடாவை வைத்தாள்.

"பழைய ஆளுக்குச் சொல்ல வேண்டியதைப் புது ஆள்கிட்ட எதுக்குச் சொல்றோம்? இவ கேக்கறது ஒண்ணுதான், உள்ள என்ன இருக்கு, கிராம் என்ன விலை. அதைத் தேடினா இருபத்தெட்டு வரி தாண்டிப் போகணும். பாதியிலேயே பக்கத்தை மூடிட்டுப் போயிடுவா."

"அதை எடுத்தா மறைக்கற மாதிரி ஆயிடும் அண்ணி. எடைத் தப்பும் அதுலதான் இருக்கு."

"யாரு எடுக்கச் சொன்னா? கீழ போடு. யாருக்கு வேணுமோ அவங்களுக்கு நேராவும் சொல்லிடு. கடையைத் தொடர்ந்து பாக்கறவங்கன்னு ஒரு அறுநூறு பேரு இருக்காங்களே, அவங்களுக்கு மெசேஜ் அனுப்ப ஒரு பட்டன் இருக்குன்னு நீதானே சொன்ன. மத்தவங்களுக்குப் பெட்டிக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு."

அன்று சாயங்காலம் வரை இருவரும் வெட்டினார்கள். தராசு ஒரு வரி எழுதுவாள், அண்ணி அதை வாய்விட்டுப் படிப்பாள். படிக்கும்போது மூச்சு வாங்கினால் அந்த வரி போனது. "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று ஒரு இடத்தில் வந்தது. "என்ன காரணம்னு கேப்பாங்க, அதையே எழுது" என்றாள் அண்ணி. டீசல் போனது, மழை போனது. கடலையும் ஜாடியும் மட்டும் நின்றன, ஏனென்றால் வாங்குபவர் கையில் வருவது அவை இரண்டும்தான். தலைப்பிலும் படத்திலும் விலையைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. உச்சியில் இவ்வளவுதான் நின்றது:

"400 கிராம் 360, நூறு கிராமுக்கு 90. 800 கிராம் 680, நூறு கிராமுக்கு 85. இது கடலை வெண்ணெயின் எடை மட்டும், ஜாடி சேராது. உள்ளே இருப்பது வறுத்த கடலையும் உப்பும்."

எல்லாவற்றுக்கும் கீழே, எப்படிப் பத்திரப்படுத்துவது என்ற பகுதிக்கும் பிறகு:

"முன்பு வாங்கியவர்களுக்கு: கடலையும் கண்ணாடி ஜாடியும் விலை ஏறியதால் இந்த மாதம் முதல் 320 என்பது 360, 600 என்பது 680. அளவும் செய்முறையும் மாறவில்லை. முன்பு இங்கே நூறு கிராமுக்கு 50 என்று காட்டியது எங்கள் தவறு. ஜாடியையும் சேர்த்து எடை கொடுத்துவிட்டோம். அப்போதைய சரியான விலை 80, பெரிய ஜாடியில் 75."

கடைசி வரியைப் படித்தபோது அண்ணி நின்றாள்.

"இரு இரு. பெருசு எழுபத்தஞ்சா? பழைய பக்கத்துல பெருசுக்கு என்ன காட்டிச்சு?"

"ஆயிரத்திருநூறால வகுத்தா..." தராசு அட்டையைத் தேடினாள். "அம்பது."

"சின்னதுக்கும் அம்பது, பெருசுக்கும் அம்பது. அப்ப பெருசை எவன் வாங்குவான்?"

இரண்டு பேரும் அலமாரியைப் பார்த்தார்கள். பெரிய ஜாடிகள் வரிசையாக இருந்தன. அஞ்சு பேரில் ஒருவர்தான் அதை வாங்குவார்கள். அது ஏன் ஓடுவதில்லை என்று அண்ணன் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்; ஜாடி அசிங்கமாக இருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம். பதினான்கு மாதமாக இவர்களுடைய பக்கமே, பெரியதை வாங்கி லாபம் இல்லை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. போன வாரம் சரியான எண் வந்தும், கடிதத்தைத் தாண்டி யாரும் அதுவரை போகவில்லை.

தராசு இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்றவில்லை. கொறகொறப்பில் மட்டும் புது எழுத்தைப் போட்டாள். வழுவழுப்பில் கடிதம் அப்படியே இருந்தது. விலை இரண்டுக்கும் ஒன்று, வாரமும் ஒன்று. இரண்டும் எப்போதும் நாற்பதை ஒட்டி விற்பவை. "ரெண்டையும் மாத்திட்டா, கூடினாலும் எதனால கூடிச்சுன்னு தெரியாது" என்றாள்.

அண்ணன், "ரெண்டு நாள் ஆச்சே, என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள்ல முந்நூறு பேர் கூடப் பாக்கல. ரெண்டு பேரு தும்மினாக்கூட கணக்கு மாறிடும். வாரம் முடியட்டும்."

"உங்க அப்பாவும் இப்படித்தான், முள்ளு நிக்கற வரைக்கும் காசைக் கையில தர மாட்டார்" என்றாள் அண்ணி. "ஜனங்க வாசல்ல நின்னு வெயில்ல காய்வாங்க."

வாரம் முடிந்தது. வழுவழுப்பு, கடிதத்தோடு: இருபது. கொறகொறப்பு, புது எழுத்தோடு: முப்பத்து மூன்று.

"நாப்பது இல்லையே" என்றார் அண்ணன்.

"நாப்பது இல்ல. ஆனா பாருங்க." தராசு விரலை வைத்துக் காட்டினாள். முப்பத்து மூன்றில் பதினேழு பேர் பெரிய ஜாடி. முன்பு நாற்பதில் எட்டுப் பேர். "அப்ப ஒரு வாரத்துல பத்தொம்பது கிலோ சொச்சம் போச்சு. இப்ப இருபது. ஆளு கம்மி, கடலை கம்மி இல்ல. பெட்டியும் கம்மி, ஜாடியும் கம்மி."

அண்ணன் அட்டையைக் கையில் வாங்கி, அவரே ஒரு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு, "ஜாடி அசிங்கமில்லன்னு ஆயிடுச்சு" என்றார். அந்த வீட்டு ஆண்கள் தோற்றுப்போனதை அப்படித்தான் ஒப்புக்கொள்வார்கள். அவருடைய சித்தப்பா ஒருவர், பந்தயத்தில் தோற்றால், வெயில் அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாராம்.

வழுவழுப்புக்கும் எழுத்தை மாற்றினார்கள். அறுநூறு பேருக்கும் மெசேஜ் போனது. அதில் எட்டுப் பேர் திட்டினார்கள். ஒருவர், ஜாடியையும் சேர்த்துச் சாப்பிட்டதால்தான் தனக்கு வயிறு கனமாக இருந்ததா என்று கேட்டார். "அது உங்க மனசு ஐயா, எங்க ஜாடி இல்ல" என்று அண்ணி எழுதினாள். அவர் அன்றே இரண்டு பெரிய ஜாடி வாங்கினார். அதற்கடுத்த வாரம் முப்பத்தைந்தும் முப்பத்து நாலும். கெடு முடிய ஐந்து நாள் இருந்தது.

சலவைக்கடைக்காரர் வந்தபோது தராசு கதவருகே நின்று பேசினாள். இரண்டு வருஷத்துக்கு அவளுக்கு இன்னும் துணிவு வரவில்லை. ஒரு வருஷம் கேட்டாள். அவர் முகத்தைச் சுளித்தார். சைக்கிள்காரர் மூன்று வருஷத்துக்குத் தயாராக இருப்பதாகச் சொன்னார்.

"அவர் குழாயக் கழட்டுவார்ங்க. குழாயோட சுவர்ப் பூச்சும் வரும். நாங்க ஒண்ணையும் தொட மாட்டோம்."

அவருக்கு அந்தக் குழாய்கள் மேல் பிரியம் உண்டு; அவருடைய அப்பா போட்டவை. பதினெட்டு மாதத்துக்குக் கையெழுத்தானது.

தராசுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. அந்தப் பின்னறையில்தான் வேலை செய்கிறாள். ஒப்பந்தம் இரண்டு தடவை புதுப்பித்தாகிவிட்டது. அண்ணனுக்கு முழங்கால் வலி வந்ததால் இப்போது அரைப்பதும் அவளே, வறுப்பது மட்டும் அவர். குடியிருப்பது அண்ணன் வீட்டு மாடியில், ஒரு அறை, ஒரு சமையல் மேடை. பக்கங்கள் ஐந்தாகிவிட்டன. போன மாதம் மறுபடி விலை ஏறியது. சின்ன ஜாடி முந்நூற்றெண்பது. பக்கத்தின் உச்சியில் நூறு கிராமுக்கு 95 என்று மட்டும் போட்டாள்; பழைய விலை கீழே, முன்பு வாங்கியவர்களுக்கு.